வாடகை என்று நினைத்து விற்ற கால் ஆப்ஷன், கையை விட்டுப் போகும் பங்கு

வாசகர் கடிதம்:

"மேடம், எனக்கு வயது 61, ஓய்வூதியம் வாங்குகிறேன். 2020-ல் ஒரு வங்கிப் பங்கை 210 ரூபாய் வீதம் 1,500 வாங்கினேன். பாதியை மகன் வீடு கட்ட விற்பதாக இருக்கிறேன், மீதி பாதி பேரப்பிள்ளைகளுக்கு. 'சும்மா கிடக்கும் பங்கை வாடகைக்கு விடுங்கள், அதன் மேல் கால் ஆப்ஷன் விற்கும் கவர்டு காலில் மாதாமாதம் பணம் வரும்' என்று நண்பர் சொன்னார். பங்கு 600-ல் இருந்தபோது பிப்ரவரி எக்ஸ்பைரிக்கு 620 ஸ்ட்ரைக் கால் ஒரு லாட் (750) 9 ரூபாய்க்கு விற்றேன், 6,750 ரூபாய் வந்தது. இப்போது பங்கு 655. விற்ற ஆப்ஷன் 37-ல் இருக்கிறது, ஆப்பில் 21,000 ரூபாய் நஷ்டம் என்று சிவப்பில் காட்டுகிறது. இன்னும் 9 நாள்தான். பங்கு என்னிடம் இருக்கும்போது மார்ஜின் வேறு கேட்கிறார்கள். என் பங்கை எடுத்துக்கொள்வார்களா? மார்ச் மாதத்துக்குத் தள்ளிவிடலாமா? இன்னொரு லாட்டும் விற்றால் இந்த நஷ்டம் ஈடாகுமா?"

வணக்கம். முதலில் அந்தச் சிவப்பு எண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அதைப் பார்த்துத்தான் தூக்கம் போயிருக்கும். ஆப்பில் ஆப்ஷன் பக்கம் மட்டும் தனியாகத் தெரிகிறது. நீங்கள் கால் விற்ற நாளிலிருந்து அந்த 750 பங்கு 55 ரூபாய் ஏறியிருக்கிறது, அதாவது 41,250 ரூபாய். அதிலிருந்து 21,000 கழித்தால் 20,250 ரூபாய் லாபத்தில்தான் இருக்கிறீர்கள். கையிலிருந்து பணம் எதுவும் போகவில்லை. ஆனால் கால் விற்காமல் இருந்திருந்தால் முழு 41,250-ம் உங்களுடையது, அதுவும் உண்மை. இனி பங்கு 700 போனாலும் 800 போனாலும் இந்த 750 பங்கில் உங்களுக்குக் கிடைப்பது 620-ம் அந்த 9 ரூபாயும்தான்.

நண்பர் சொன்ன வாடகைக் கணக்கு இங்கேதான் தப்புகிறது. வாடகைக்கு வந்தவர் மாதக் கடைசியில் "வீடு விலை ஏறிவிட்டது, போன மாத விலைக்கே எனக்கு எழுதிக் கொடுங்கள்" என்று கேட்க முடியாது. நீங்கள் செய்தது கிரைய ஒப்பந்தம் போட்டு அட்வான்ஸ் வாங்கிய மாதிரி. நிலத்தை எக்ஸ்பைரி என்ற கடைசி நாளில் 620 என்ற ஸ்ட்ரைக் விலைக்குத் தருகிறேன் என்று கையெழுத்துப் போட்டு 9 ரூபாய் பிரீமியம் வாங்கிவிட்டீர்கள். விலை ஏறினால் அவர் பத்திரம் பதிய வந்து நிற்பார். இறங்கினால் அட்வான்ஸை விட்டுவிட்டுப் போய்விடுவார், விலை குறைந்த நிலம் உங்களிடமே இருக்கும். பங்கு 540-க்கு விழுந்திருந்தால் இந்த லாட்டில் 45,000 ரூபாய் குறைந்திருக்கும், அதற்கு எதிராக உங்களிடம் இருந்திருப்பது 6,750. கவர்டு கால் இறக்கத்துக்குப் பாதுகாப்பு என்று யாராவது சொன்னால், அந்தப் பாதுகாப்பு பிரீமியம் அளவுக்கு மட்டும்தான், உங்கள் விஷயத்தில் 9 ரூபாய்.

பங்கை எப்போது எடுப்பார்கள்

இன்றோ நாளையோ யாரும் எடுக்க முடியாது. இங்கே பங்கு ஆப்ஷன்கள் ஐரோப்பிய வகை, வாங்கியவர் எக்ஸ்பைரி நாளில் மட்டும்தான் உரிமையைப் பயன்படுத்த முடியும். என்.எஸ்.இ.-யில் அது இப்போது மாதத்தின் கடைசிச் செவ்வாய்க்கிழமை, அன்று விடுமுறை என்றால் அதற்கு முந்தைய வேலை நாள். அன்றைய முடிவு விலை 620-க்கு மேலே இருந்தால், 621 ஆக இருந்தாலும் சரி, ஒப்பந்தம் தானாகவே நிறைவேறும். 750 பங்கும் உங்கள் டீமேட்டிலிருந்து போகும், பங்குக்கு 620 ரூபாய் வீதம் பணம் வரும். சிலர் இன்னும் "வித்தியாசத்தைப் பணமாகக் கட்டினால் போதும்" என்று சொல்கிறார்கள், அது பழைய வழக்கம். 2019 அக்டோபரிலிருந்து எல்லாப் பங்கு ஆப்ஷன்களிலும் பங்கையேதான் கொடுக்க வேண்டும்.

மார்ஜின், அதாவது ஒப்பந்தத்துக்கான பிணையத் தொகை, கேட்பதிலும் தவறில்லை. உங்கள் பங்கு டீமேட்டில் ஒரு பக்கம் இருக்கிறது, விற்ற கால் எஃப் அண்ட் ஓ பிரிவில் இன்னொரு பக்கம் இருக்கிறது. பங்கு கையில் இருக்கிறது என்பதற்காக எக்ஸ்சேஞ்ச் தானாகவே மார்ஜினைத் தள்ளுபடி செய்வதில்லை. பங்கைப் புரோக்கரிடம் அடகு வைத்தால் அதன் மதிப்பில் ஒரு பகுதியைக் கழித்துக்கொண்டு மீதியை மார்ஜினாக ஏற்பார்கள். அப்போதும் மார்ஜினில் பாதியாவது பணமாகவோ பணத்துக்கு இணையாகக் கருதப்படுவதாகவோ இருக்க வேண்டும், குறைந்தால் அந்தக் குறைவுக்குப் புரோக்கர் வட்டி போடுவார். ஒரு வேளை பங்கை அடகு வைத்திருந்தால், எக்ஸ்பைரி நாளில் டெலிவரிக்கு அது எப்படிப் போகும், முன்கூட்டியே விடுவிக்க வேண்டுமா என்று புரோக்கரிடம் இந்த வாரமே கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். பங்கு சரியான நேரத்தில் போய்ச் சேராவிட்டால் எக்ஸ்சேஞ்ச் ஏலத்தில் வாங்கிக் கொடுத்து, அந்தச் செலவை உங்கள் தலையில் கட்டும். பங்கு கையில் இருந்தும் அந்த அபராதம் கட்டுவதை விடக் கொடுமை எதுவுமில்லை.

இப்போது இருக்கும் மூன்று வழி

முதல் வழி, எதுவும் செய்யாமல் விட்டுவிடுவது. பங்கு போகும், உங்களுக்கு 629 ரூபாய் கணக்காகும். இரண்டாவது, இன்றே 37 ரூபாய் கொடுத்து காலைத் திரும்ப வாங்கி ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வது. இதைப் பலர் "21,000 நஷ்டத்தை நானே உறுதி செய்வதா" என்று பயந்து தவிர்க்கிறார்கள். கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். 655-லிருந்து 620-ஐக் கழித்தால் 35. ஆப்ஷன் விலை 37. ஆக, திரும்ப வாங்கி, பங்கைச் சந்தையில் நீங்களே 655-க்கு விற்றால் கைக்கு வருவது 655-ம் வாங்கிய 9-ம் சேர்த்து, அதில் 37 போக 627. சும்மா விட்டால் 629. இரண்டுக்கும் வித்தியாசம் பங்குக்கு 2 ரூபாய், லாட்டுக்கு 1,500 ரூபாய், அப்புறம் தரகும் சிறு கட்டணங்களும். அவ்வளவுதான்.

இந்த 1,500 ரூபாய்க்கு உங்களுக்குக் கிடைப்பது, எப்போது விற்பது என்ற சுதந்திரம். உங்கள் விஷயத்தில் அதன் மதிப்பு பெரியது, ஏனென்றால் நீங்கள் 210-க்கு வாங்கியவர். பிப்ரவரி எக்ஸ்பைரியில் 750 பங்கும் 620-க்கு ஒரே நாளில் போனால் ஆதாயம் 3,07,500 ரூபாய். ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்கு என்பதால் 1,25,000 வரை வரி இல்லை, மீதி 1,82,500-க்கு 12.5 சதவீதமும் செஸ்ஸும் சேர்த்துச் சுமார் 23,700 ரூபாய் வரி. அதுவே காலைத் திரும்ப வாங்கிவிட்டு 375 பங்கை மார்ச் 31-க்குள்ளும் 375 பங்கை ஏப்ரலிலும் இதே 655-க்கு விற்றால், ஒவ்வோர் ஆண்டும் ஆதாயம் 1,66,875. இரண்டு ஆண்டின் விலக்கும் கிடைப்பதால் மொத்த வரி 11,000-க்குள் முடிந்துவிடும். ஏறக்குறைய 12,800 ரூபாய் மிச்சம், நீங்கள் வாங்கிய பிரீமியத்தைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஏப்ரல் வரை வைத்திருக்கும் பாதிப் பங்கின் விலை இறங்கலாம், அந்த அபாயம் உங்களுடையது. வேறு பங்குகளையும் இந்த ஆண்டு விற்று விலக்கை ஏற்கெனவே பயன்படுத்தியிருந்தால் கணக்கு மாறும்.

மூன்றாவது வழி நீங்கள் கேட்ட தள்ளிப்போடுதல். 620-ஐ 37-க்குத் திரும்ப வாங்கி, மார்ச் எக்ஸ்பைரியில் 660 காலை விற்பது. இப்போதைய நிலவரத்தில் அதற்கு 19.50 மாதிரி கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். கையிலிருந்து 17.50 கொடுத்து உங்கள் உச்சவரம்பை 40 ரூபாய் உயர்த்துகிறீர்கள். மார்ச் முடிவில் பங்கு 637.50-க்கு மேல் நின்றால் இது பிப்ரவரியிலேயே 620-க்குக் கொடுத்ததை விட நல்லது. அதற்குக் கீழே வந்தால் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம் என்றாகும். 600-க்குத் திரும்பினால் உங்கள் நிலை 591.50, விட்டிருந்தால் 629. இது பங்கைப் பற்றிய புதிய பந்தயம், பழைய நஷ்டத்தைச் சரிசெய்யும் வேலை இல்லை. மேலும் மார்ச் எக்ஸ்பைரியும் இந்த நிதியாண்டுக்குள்ளேயே வருகிறது, அதில் பங்கு போனால் வரியைப் பிரிக்கும் வாய்ப்பும் போய்விடும்.

மகன் வீட்டுக்காக இந்தப் பாதியை எப்படியும் விற்கப்போகிறீர்கள் என்றால், இரண்டாவது வழியைத்தான் நான் எடுப்பேன். திரும்ப வாங்குவதில் வரும் 21,000 வரிக் கணக்கில் வியாபார நஷ்டம். அதை ஓய்வூதியத்தில் கழிக்க முடியாது, அதே ஆண்டின் மூலதன ஆதாயத்தில் கழிக்கலாம். ஆப்ஷன் விற்றதாலேயே நீங்கள் வழக்கமான எளிய படிவத்தை விட்டு ஐ.டி.ஆர்.-3 போட வேண்டியிருக்கும், ஆடிட்டரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

எந்த ஸ்ட்ரைக்

அடுத்த முறை விற்பதாக இருந்தால் பிரீமியத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு காகிதத்தில் ஒரு விலையை எழுதுங்கள்: எந்த விலைக்குப் பங்கு போனால் எனக்கு வருத்தம் இருக்காது? அந்த விலைதான் உங்கள் ஸ்ட்ரைக். அதற்குக் கிடைக்கும் பிரீமியம் போதாது என்று தோன்றினால் அந்த மாதம் விற்க வேண்டாம். பெரும்பாலானவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள். மாதம் இவ்வளவு வேண்டும் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அந்தத் தொகை கிடைக்கும் ஸ்ட்ரைக்கைத் தேடிக் கீழே கீழே இறங்குகிறார்கள்.

உங்கள் பங்கு 600-ல் இருந்தபோது, ஒரு மாத ஆப்ஷன்கள் தோராயமாக 600 ஸ்ட்ரைக் 17.50, 620 ஸ்ட்ரைக் 9, 640 ஸ்ட்ரைக் 4, 660 ஸ்ட்ரைக் 1.50 என்று இருந்திருக்கும். லாட்டுக்கு 13,125-லிருந்து 1,125 வரை. 20 ரூபாய் மேலே போகப் போகப் பிரீமியம் பாதிக்குப் பாதியாகக் குறைவதைக் கவனியுங்கள். 660-ல் கிடைக்கும் 1,125-க்காக மார்ஜினைக் கட்டிவைத்து, திடீர் ஏற்றத்தின் அபாயத்தைச் சுமப்பதில் பொருளில்லை. 600-ல் 13,125 கிடைக்கிறது, ஆனால் அது பங்கைக் கிட்டத்தட்ட இன்றைய விலைக்கே விற்கச் சம்மதிப்பது, பங்கு போவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. 620-ம் 640-ம் நடுவில் இருப்பவை, அவற்றில் எது என்பதை நீங்கள் காகிதத்தில் எழுதிய விலைதான் சொல்ல வேண்டும்.

விட்டுக்கொடுக்கும் ஏற்றத்தையும் ரூபாயில் ஒருமுறை எழுதிப் பாருங்கள். அந்த மாதம் பங்கு 690 போயிருந்தால், 620 கால் விற்றவர் 70 ரூபாய் வீதம் 52,500-ஐ விட்டிருப்பார். வாங்கிய 6,750-ஐக் கழித்தாலும் 45,750 போச்சு. அதைத் திரும்பச் சேர்க்க ஏறக்குறைய ஏழு மாதப் பிரீமியம் வேண்டும், அந்த ஏழு மாதமும் பங்கு ஸ்ட்ரைக்கைத் தாண்டக் கூடாது.

எந்த எக்ஸ்பைரி

இங்கே பங்கு ஆப்ஷன்களில் நடப்பு மாதத்தில்தான் ஆள் நடமாட்டம் அதிகம். அடுத்த மாதத்தில் குறைவு, மூன்றாவது மாதத்தில் பல ஸ்ட்ரைக்குகளில் விலை கேட்க ஆளே இருக்காது. அதனால் நடப்பு மாதம் முடிகிற சமயத்தில், சுமார் நான்கு வாரம் மீதமிருக்கும் அடுத்த மாத எக்ஸ்பைரியை விற்பதுதான் நடைமுறையில் சரியாக வரும். வாங்குபவர் 3.20 கேட்க, விற்பவர் 4.80 சொல்கிற ஸ்ட்ரைக்கில் மார்க்கெட் ஆர்டர் போட்டால் பிரீமியத்தில் ஒரு பகுதி அங்கேயே கரைந்துவிடும். லிமிட் ஆர்டர் மட்டும் போடுங்கள்.

நிறுவனத்தின் காலாண்டு நிதி முடிவு வெளியாகிற மாதத்தில் கால் விற்க வேண்டாம் என்பது என் சொந்தக் கருத்து. அந்த மாதம் 640 காலுக்கு 4-க்குப் பதில் 7 கிடைத்தால் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அந்த அதிக 3 ரூபாய், முடிவு வந்த மறுநாள் பங்கு ஒரே தாவாகத் தாவக்கூடும் என்பதற்குச் சந்தை கொடுக்கிற விலை. விற்ற கால் 4-லிருந்து 80 பைசாவுக்கு வந்துவிட்டால் எக்ஸ்பைரிக்குக் காத்திராமல் திரும்ப வாங்கி முடித்துவிடுங்கள். மீதி 80 பைசாவுக்காகக் கடைசி வார அபாயத்தைச் சுமக்க வேண்டியதில்லை.

இன்னொரு லாட் விற்கலாமா

வேண்டாம். இது பேரப்பிள்ளைகளுக்கென்று நீங்களே ஒதுக்கிய பங்கு, அதை எந்த விலைக்குக் கொடுப்பது என்று நீங்கள் யோசித்ததே இல்லை. யோசிக்காத விலைக்கு ஒப்பந்தம் போடக்கூடாது.

ஈடு கட்டுவதற்காக விற்கும் கால் எப்படி முடியும் என்பது எனக்குச் சொந்த அனுபவத்தில் தெரியும். 2020 மார்ச்சில் சந்தை சரிந்தபோது என்னிடம் இருந்த ஒரு பங்கு பலமாக அடிவாங்கியது. பழைய ஸ்ட்ரைக்குகளில் பிரீமியமே இல்லை, அதனால் விழுந்த விலைக்குச் சற்று மேலே ஒரு ஸ்ட்ரைக்கில் விற்று, இழந்ததில் கொஞ்சமாவது திரும்ப எடுக்கலாம் என்று நினைத்தேன். ஏப்ரலில் பங்கு துள்ளி எழுந்தது, எனக்கு மட்டும் அந்த எழுச்சி கிடைக்கவில்லை. உங்கள் எண்களில் சொன்னால்: 600-ல் 620 கால் விற்று 9 வாங்குகிறீர்கள், பங்கு 540-க்கு விழுகிறது. அடுத்த மாதம் 560 கால் விற்று 8 வாங்குகிறீர்கள், பங்கு 610-க்குத் திரும்புகிறது. சும்மா வைத்திருந்தவருக்கு 610. உங்களுக்கு 560-ம் இரண்டு பிரீமியமும் சேர்த்து 577. விழும்போது முழுதும் கூடவே விழுந்தீர்கள், எழும்போது 560-லேயே நின்றுவிட்டீர்கள். பங்கு விழுந்த பிறகு ஸ்ட்ரைக்கைக் கீழே இறக்காதீர்கள். காகிதத்தில் எழுதிய விலைக்குப் பிரீமியம் வராவிட்டால் ஒன்றிரண்டு மாதம் சும்மா இருப்பதில் தவறே இல்லை.

திரும்ப வாங்குவதாக முடிவு செய்தால் எக்ஸ்பைரிக்கு முந்தைய வெள்ளிக்கிழமைக்குள் வாங்கிவிடுங்கள். 620 மாதிரி விலை தாண்டிப் போன ஸ்ட்ரைக்கில் கடைசி இரண்டு நாள் விற்க ஆள் குறைந்துவிடும், உள்ளிருக்கும் மதிப்பு 35 என்றால் 38, 39 என்று கேட்பார்கள். பங்கு 655-ல் இருக்கும்போது 36.50-க்கு லிமிட் போட்டுப் பாருங்கள், கிடைக்கவில்லை என்றால் ஐம்பது பைசாவாக ஏற்றி 37.50 வரை போங்கள். 27,750 ரூபாய் சுற்றுவட்டத்தில் தேவைப்படும், பணம் டிரேடிங் கணக்கில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.